9 பேர், 31 நிமிடம்: தினசரி ஸ்டாண்ட்-அப்பில் என்ன சொல்வது, எதை விடுவது?

மழைக்காலம் | திங்கள், இரவு 9.40

வணக்கம். சென்னையில் ஒரு சின்ன புராடக்ட் கம்பெனியில் பேக்எண்ட் டீமுக்கு லீட் ஆகி நாலு மாதம் ஆகிறது. என்னையும் சேர்த்து 9 பேர். பாதிப் பேர் ஆபீஸ், மீதிப் பேர் வீடு, அதனால் ஆளாளுக்கு வேலை அப்டேட் சொல்லும் தினசரி ஸ்டாண்ட்-அப் வீடியோ காலில்தான். காலை 10.15-க்குத் தொடங்கும். 10.30-க்கு முடிய வேண்டும். போன வாரம் ஐந்து நாளும் நேரம் பார்த்தேன்: ஒரு நாள்கூட 25 நிமிடத்துக்குக் கீழே வரவில்லை, வியாழக்கிழமை 31.

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் நடந்த ஒன்றுதான் மனதை அறுக்கிறது. டீமில் ஒரு பெண், நல்ல டெவலப்பர், அவர் புதன்கிழமை சொன்னதை ரெக்கார்டிங்கில் கேட்டு அப்படியே எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்.

> "நேத்து அந்த பேமென்ட் வெப்ஹுக் டிக்கெட்லதான் வொர்க் பண்ணேன். ஆக்சுவலா காலைல ஒரு கால் இருந்துச்சு, ஸோ கொஞ்சம் லேட்டாதான் ஸ்டார்ட் பண்ணேன். பேசிக்கலி என்னன்னா ஒரே பேமென்ட்டுக்கு ரெண்டு ஆர்டர் கன்ஃபர்ம் ஆகுதுல்ல, அதுக்கு லாக்ஸ் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கேட்வே மறுபடி அனுப்புது, நாம செக் பண்ணாம விட்டுடறோம், அந்த மாதிரி. ஃபிக்ஸ் ஆல்மோஸ்ட் டன். டெஸ்ட் பண்ணணும். ஸ்டேஜிங்ல கொஞ்சம் இஷ்யூ இருக்கு, அதையும் பார்த்துட்டு இருக்கேன். இன்னைக்கும் இதையே கன்டின்யூ பண்ணுவேன். பிளாக்கர் எதுவும் இல்லை."

எல்லாரும் தலையாட்டினோம். அடுத்தவரிடம் போய்விட்டோம். வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரிந்தது: அந்த "கொஞ்சம் இஷ்யூ" என்னவென்றால், ஸ்டேஜிங்குக்கு வரும் எல்லா வெப்ஹுக்கும் சிக்னேச்சர் பொருந்தாமல் 400 எரர் ஆகித் திரும்பிக்கொண்டிருந்தது. காரணம், செவ்வாய்க்கிழமை எங்கள் டீமிலேயே இன்னொருவர் வெப்ஹுக் சீக்ரெட்டை மாற்றியிருந்தார். மாற்றியவரும் புதன்கிழமை அதே காலில், இந்தப் பெண்ணுக்கு நாலு பேர் தள்ளித்தான் இருந்தார். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியதற்கு இரண்டரை நாள் போனது.

அப்டேட் எப்படிச் சொன்னால் இது அன்றைக்கே பிடிபட்டிருக்கும்? "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். சுருக்கினார்கள், "அதே டிக்கெட், கன்டின்யூ பண்றேன்" என்று ஆகிவிட்டது. அது இன்னும் மோசம்.

---

ஸ்பிரிண்ட்_11 | திங்கள், இரவு 10.05

இதற்கு ஏற்கனவே வழி இருக்கிறதே. மூன்று கேள்வி: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன. ஆளுக்கு 60 நொடி டைமர். ஸ்க்ரம் கைடிலேயே இப்படித்தான் இருக்கிறது. விதியைச் சரியாகப் பின்பற்றினால் 9 பேருக்கு 9 நிமிடம்தான். எங்கள் டீமில் டைமர் வைத்த பிறகு ஒரு நாளும் 15 தாண்டியதில்லை.

---

இரவுப்பணி | திங்கள், இரவு 10.30

நான் இதற்கு எதிர்ப்பக்கம். நாங்கள் 24 மணி நேர சப்போர்ட். ராத்திரி ஷிஃப்டிலிருந்து காலை ஷிஃப்டுக்குக் கைமாற்றும்போது சுருக்கிப் பேசினால் செத்தோம். எந்த அலர்ட் எத்தனை மணிக்கு வந்தது, எதை ரீஸ்டார்ட் செய்தோம், எதைத் தொடாமல் விட்டோம், எந்த கஸ்டமரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம், எல்லாம் சொல்லியாக வேண்டும். ஒருமுறை "டிஸ்க் ஃபுல், சரி பண்ணியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் போய்விட்டார். பழைய லாக் ஃபைல்களைத் தற்காலிகமாக இன்னொரு டிரைவுக்கு நகர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் மறுபடி நிறைந்தது. அதனால் சுருக்கம் எல்லா இடத்திலும் நல்லது என்று சொல்லாதீர்கள்.

---

பழைய_கீபோர்டு | திங்கள், இரவு 11.15

இரவுப்பணி, நீங்கள் சொல்வது ஷிஃப்ட் கைமாற்றம். அங்கே ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் போகிறார், அடுத்தவர் அதே வேலையைக் கையில் எடுக்கிறார். கேட்பவருக்கு எல்லா விவரமும் வேண்டும். ஸ்டாண்ட்-அப்பில் யாரும் யார் வேலையையும் எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிற எட்டுப் பேருக்கும் ஒரே ஒரு கேள்விதான்: இவர் சொல்வதால் இன்று என் வேலையில் ஏதாவது மாறுமா? இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஸ்பிரிண்ட்_11, மூன்று கேள்வி பழைய கைடில் இருந்தது உண்மை. 2017 பதிப்பிலேயே அதை "இப்படியும் செய்யலாம்" என்ற உதாரணமாக இறக்கிவிட்டார்கள். 2020 பதிப்பில் அது இல்லவே இல்லை. 15 நிமிடம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்பிரிண்ட் இலக்கை நோக்கி எவ்வளவு வந்திருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த ஒரு நாளுக்குத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளத்தான் அந்த 15 நிமிடம், எந்த முறையில் என்பதை டெவலப்பர்களே முடிவு செய்யலாம் என்கிறார்கள். மூன்று கேள்வியை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. விதி என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழைக்காலம் போட்ட அப்டேட் அந்த மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. நேற்று இருக்கிறது, இன்று இருக்கிறது, தடை இல்லை என்றும் இருக்கிறது. நேரமும் ஒரு நிமிடத்தைத் தாண்டியிருக்காது. உங்கள் டைமரில் அது தேறிவிடும். ஆனாலும் இரண்டரை நாள் போயிருக்கிறது.

அதில் பிழை எங்கே என்று ஒவ்வொரு வாக்கியமாகப் பார்க்கலாம்.

"லேட்டாதான் ஸ்டார்ட் பண்ணேன்" என்பது மன்னிப்பு. யாரும் கேட்காத மன்னிப்பு. இது வருகிற டீமில் ஸ்டாண்ட்-அப்பை வருகைப்பதிவு மாதிரி நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"லாக்ஸ் பார்த்தேன், டெஸ்ட் பண்ணணும்" என்பது உழைப்புக் கணக்கு. லாக் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதுதான் செய்தி. அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது: கேட்வே அதே இவென்ட்டை மறுபடி அனுப்புகிறது, நாம் இவென்ட் ஐடியைச் சரிபார்ப்பதில்லை. நல்ல கண்டுபிடிப்பு. அதைப் போய் "அந்த மாதிரி" என்று முடித்துவிட்டார்.

"ஆல்மோஸ்ட் டன்" என்பதில் எதுவும் இல்லை. 

"ஸ்டேஜிங்ல கொஞ்சம் இஷ்யூ, பார்த்துட்டு இருக்கேன்" என்பதுதான் அந்த அப்டேட்டிலேயே அடுத்தவர் காதில் விழுந்திருக்க வேண்டிய ஒரே விஷயம். அதில் 400 இல்லை, சிக்னேச்சர் இல்லை, எப்போதிலிருந்து என்பதும் இல்லை. "சிக்னேச்சர்" என்ற ஒரு சொல் வந்திருந்தால், சீக்ரெட்டை மாற்றியவர் மைக்கைத் திறந்திருப்பார்.

கடைசியாக "பிளாக்கர் இல்லை". அது பழக்கத்தில் வரும் சொல், கடிதத்தின் கீழே "இப்படிக்கு" போடுகிற மாதிரி. முழுசாகக் கையைக் கட்டிப் போட்டால்தான் பிளாக்கர் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். என் டீமில் நான் வைத்திருக்கும் கணக்கு வேறு: ஒரு விஷயத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது, இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்றால் அது பிளாக்கர். நீங்கள் தொடர்ந்து வேலை செய்ய முடிகிறதா என்பது கணக்கில் வராது.

நான் அந்த இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்:

> "PAY-412, ஒரே பேமென்ட்டுக்கு ரெண்டு ஆர்டர். காரணம் கிடைச்சிடுச்சு: நாம பதில் சொல்ல லேட்டானா கேட்வே அதே இவென்ட்டை மறுபடி அனுப்புது, நாம இவென்ட் ஐடியைப் பார்க்கறதில்லை. ஃபிக்ஸ் ரிவ்யூவுல இருக்கு. ஆனா நேத்து மதியத்துல இருந்து ஸ்டேஜிங்ல வர்ற எல்லா வெப்ஹுக்கும் சிக்னேச்சர் பொருந்தாம 400. யாராவது சீக்ரெட், கான்ஃபிக் எதையாவது தொட்டீங்களா? அது சரியானா இன்னைக்கு சாயந்திரம் டெஸ்டிங்குக்குக் கொடுத்துடுவேன்."

இது அவர் பேசிய நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். சொற்கள் குறைந்ததைவிட, கேள்வி ஒன்று வந்திருக்கிறது பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று தெரியாதபோது கேள்வியாகக் கேட்டுவிடுவதுதான் வழி.

---

பிழைதேடி | செவ்வாய், காலை 8.10

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். கீபோர்டு அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

"டன்" என்று சொன்னால் எனக்கு நாலு அர்த்தம் கேட்கும். அவங்க லேப்டாப்பில் ஓடுகிறது, ரிவ்யூவுக்குப் போட்டாச்சு, மெர்ஜ் ஆகிவிட்டது, ஸ்டேஜிங்கில் இருக்கிறது. இதில் கடைசி ஒன்றுதான் எனக்கு வேலை. "டன்" என்று கேட்டு டெஸ்ட் டேட்டா எல்லாம் தயார் செய்து உட்கார்ந்தால், மதியம் மூன்று மணிக்கு "இன்னும் ரிவ்யூ ஆகலை" என்பார்கள்.

எங்கள் டீமில் "டன்" என்ற சொல்லையே விட்டுவிட்டோம். எங்கே இருக்கிறது என்று இடத்தைச் சொல்ல வேண்டும். "ஃபிக்ஸ் ஸ்டேஜிங்ல இருக்கு" அல்லது "ரிவ்யூவுல இருக்கு, நேத்து காலைல இருந்து யாரும் பார்க்கலை". இரண்டாவதைச் சொன்னதும் யாராவது ஒருவர் "நான் 11 மணிக்குள்ள பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுவார். டிக்கெட் நின்றுபோவது பெரும்பாலும் ரிவ்யூவில்தான். அதைச் சொல்லத்தான் எல்லாருக்கும் கூச்சம், குறை சொல்கிற மாதிரி இருக்குமோ என்று.

---

முதல்_கமிட் | செவ்வாய், காலை 9.00

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். உண்மையைச் சொல்கிறேன், நான்தான் அந்த நீளமாகப் பேசுகிற ஆள்.

இரண்டு காரணம். ஒன்று, எனக்கு முன்னால் சீனியர்கள் மூன்று டிக்கெட் முடித்ததாகச் சொல்வார்கள். நான் ஒரே டிக்கெட்டில் மூன்று நாளாக இருப்பேன். இரண்டு வரியில் முடித்தால் சும்மா இருந்த மாதிரி தெரியும். அதனால் படித்த டாக்குமென்ட், செய்து பார்த்துத் தோற்ற வழி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, என் முறை வரும்வரை அடுத்தவர் சொல்வதையே கேட்பதில்லை. மனதுக்குள் என் வாக்கியத்தை ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டிருப்பேன். மைக்கைத் திறந்ததும் அது போய்விடும். அப்புறம் "ஸோ", "ஆக்சுவலி", "லைக்" மூன்றும் மாறி மாறி வரும். இதை எப்படி விடுவது?

---

பழைய_கீபோர்டு | செவ்வாய், மதியம் 1.20

தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில். "ஆக்சுவலி" வருவது நாக்குப் பழக்கம் மட்டும் இல்லை. வாக்கியம் எங்கே முடியப் போகிறது என்று தெரியாமல் தொடங்கினால் வரும். அதனால் சொல்லைத் துரத்தாதீர்கள், முதல் வாக்கியத்தை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 10.15-க்குக் கால் என்றால் 10.05-க்கு ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி: நேற்று காலை தெரியாதது இன்று என்ன தெரியும், யாரிடம் என்ன வேண்டும். பேசும்போது முதல் வரியைப் படித்தே விடலாம், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. மீதி தானாக வரும்.

நேற்று என்ன செய்தோம் என்பதே மறந்துபோகிறவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள். திங்கள்கிழமையானால் `yesterday` இருக்கும் இடத்தில் `3 days ago` போடுங்கள்.

```
git log --all --oneline --since="yesterday" --author="$(git config user.email)"
```

ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் இது. வருவதை அப்படியே வாசிக்காதீர்கள். என் டீமில் ஒருவர் ஆறு கமிட் தலைப்பையும் வரிசையாக வாசிப்பார். ஏழாவது நொடியில் எல்லாரும் வேறு டேபுக்குப் போயிருப்போம்.

மொழி விஷயம். டீமில் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே பேசுங்கள். தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் ஆங்கிலம்தான், அதில் மரியாதை இருக்கிறது. எதில் பேசினாலும் சரி, தமிழில் "பார்த்துட்டு இருக்கேன்" என்று ஒரு வால் இருக்கிறதே, அதுதான் நம் ஊர் ஸ்டாண்ட்-அப்பின் பெரிய நிரப்பி. எந்த வேலையோடும் ஒட்டும், எத்தனை நாளைக்கும் தாங்கும். "-ட்டு இருக்கேன்" வாயில் வரும்போதெல்லாம் "-ட்டேன்" என்று முடிய ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். "மைக்ரேஷனைப் பார்த்துட்டு இருக்கேன்" என்பதற்குப் பதில் "மைக்ரேஷனை ஸ்டேஜிங்ல ஓட்டிப் பார்த்துட்டேன், ஆர்டர்ஸ் டேபிளை 40 நொடி லாக் பண்ணுது". இப்போது டேட்டாபேஸ் தெரிந்தவர் காது கொடுப்பார். முடிந்தது எதுவுமே இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லலாம்: "நேத்து ரெண்டு வழி முயற்சி பண்ணிட்டேன், ரெண்டும் ஒத்துவரலை, மூணாவது வழி எனக்குத் தெரியலை."

அதுதான் உங்கள் முதல் கேள்விக்கும் பதில். மூன்று நாள் ஒரே டிக்கெட்டில் இருக்கும் ஜூனியர் நீளமாகப் பேசும்போது எனக்குக் கவலை வராது. "கன்டின்யூ பண்றேன்" என்று இரண்டாவது நாளும் சொன்னால் வரும். தோற்ற வழியை ஒரு வரியில் சொல்லுங்கள், அதுவும் செய்தி. எப்படித் தோற்றது என்ற கதையை மட்டும் கால் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஸ்பிரிண்ட்_11 | செவ்வாய், மதியம் 2.00

2020 கைடை எடுத்துப் படித்தேன். மூன்று கேள்வி இல்லைதான், திருத்திக்கொள்கிறேன். ஆனால் டைமரை நான் விட மாட்டேன். அது இல்லாத காலத்தில் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஒருவரே எட்டு நிமிடம் எடுப்பார். யாராலும் நிறுத்தச் சொல்ல முடியாது. டைமர் அடித்தால் அதன்மேல் யாருக்கும் கோபம் வராது.

---

நிதானம் | செவ்வாய், மாலை 6.45

டைமர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். முந்தைய வேலையில் திரையில் 60 நொடி எண்ணி இறங்கும் கடிகாரம் போட்டார்கள். அந்த எண் இறங்க இறங்க எனக்குச் சொல் வரவே வராது. "மைக்ரேஷன்" என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே 15 நொடி நின்றிருக்கிறேன், எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அது போதாதென்று, ஒரு மாதம் "நிரப்பிச் சொல் குறைக்கும் மாதம்" என்று வைத்து, யார் எத்தனை "ம்ம்", "வந்து" சொன்னார்கள் என்று எண்ணிப் பட்டியல் போட்டார்கள். எனக்கு "வந்து" என்பது படிக்கட்டு. அதில் கால் வைத்துத்தான் அடுத்த சொல்லுக்கு ஏறுவேன். பட்டியலில் என் பெயர் மேலே வந்த பிறகு "அப்டேட் இல்லை" என்று சொல்லத் தொடங்கினேன். மூன்று வாரம் அப்படியே ஓடியது. அதில் ஒரு வாரம் எனக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டது.

இப்போது இருக்கும் டீமில், வேண்டுமென்றால் காலுக்கு முன் சேனலில் எழுதிவிடலாம், என் முறை வரும்போது லீட் "படிச்சுட்டோம், யாருக்காவது கேள்வி இருக்கா?" என்பார். பேச வேண்டிய நாளில் நான் பேசுகிறேன். யாரும் நேரம் பார்ப்பதில்லை.

---

பிழைதேடி | செவ்வாய், இரவு 8.30

நிதானம், இதை எழுதியதற்கு நன்றி. ஒருவர் "வந்து" சொல்வதால் கேட்கிற எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "கொஞ்சம் இஷ்யூ" என்று சொன்னால்தான் நஷ்டம்.

---

மழைக்காலம் | செவ்வாய், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. டைமர் யோசனை என் மனதிலும் இருந்தது, எடுத்துவிட்டேன். ஸ்பிரிண்ட்_11 சொல்லும் ஆர்க்கிடெக்ட் போல ஒருவர் எங்களிடமும் உண்டு. ஆனால் போன வாரத்து 31 நிமிடத்தை மறுபடி கேட்டுப் பார்த்தேன். அதில் 13 நிமிடம் இரண்டே உரையாடல்: கேஷ் எங்கே வைப்பது என்று இரண்டு பேர் பேசியது, அப்புறம் நான் ஒருவரிடம் டிக்கெட் பற்றிக் கேள்வி கேட்டது. யாருடைய அப்டேட்டும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டவில்லை. நீளத்துக்கு நானே பாதிக் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் யாருமே பேசுவதில்லை. அதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

பழைய_கீபோர்டு | புதன், காலை 7.30

"ஆஃப்லைன்" என்பது இடமும் இல்லை, நேரமும் இல்லை, அதனால்தான் நடப்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள்: "கேஷ் விஷயம், நீங்க ரெண்டு பேரும், கால் முடிஞ்சதும் லைன்லயே இருங்க." அதே காலில், மற்றவர்கள் போன பிறகு. புதிதாக மீட்டிங் போட்டால் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். யாராவது ஒருவர் இந்தத் தலைப்புகளைச் சாட்டில் ஒரு வரியாக எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒருவர் சொன்னதன்மேல் மூன்றாவது கேள்வி வந்தாலே அதை அந்த வரிசைக்குத் தள்ளிவிடுவேன். லீட் கேட்கும் கேள்விக்கும் இதே விதிதான். லீட் கேட்டால் யாரும் பதிலை நிறுத்த மாட்டார்கள் என்பதால் இன்னும் கண்டிப்பாக.

இன்னொன்று முயன்று பாருங்கள். ஆள் ஆளாகப் போகாமல் போர்டைத் திரையில் போட்டு வலது ஓரத்திலிருந்து இடதுபக்கம் வாருங்கள். முதலில் டெஸ்டிங்கில் இருப்பது, அப்புறம் ரிவ்யூவில் இருப்பது, கடைசியில் இப்போதுதான் தொடங்கியது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கேள்வி: இது அடுத்த கட்டத்துக்குப் போக என்ன வேண்டும்? முடியப் போகிற வேலை முதலில் பேசப்படும், "நேற்று நான் என்ன செய்தேன்" என்ற பேச்சே எழாது. முதல்_கமிட் மாதிரி ஆட்களுக்கு அந்த ஒப்பீட்டுப் பயமும் குறையும், ஏனென்றால் பேச்சு கார்டைப் பற்றியது.

இதிலும் ஓட்டை உண்டு. கார்டு போடாத வேலை கண்ணில் படாது. திடீரென்று வந்த புரொடக்‌ஷன் பிரச்சினை, இன்டர்வியூ எடுத்தது, இன்னொரு டீமுக்கு உதவியது எதுவும் வராது. கடைசியில் ஒரு நிமிடம் "போர்டில் இல்லாதது எதாவது?" என்று கேட்டுத்தான் நான் முடிப்பேன். அப்படியும் அமைதியானவர்கள் இரண்டு நாள் வாய் திறக்காமல் போவார்கள். அதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

---

ஸ்பிரிண்ட்_11 | புதன், காலை 9.10

இவ்வளவும் எதற்கு? நிதானம் சொன்ன மாதிரி எல்லாரும் எழுதிவிட்டால் காலே வேண்டாமே.

---

பிழைதேடி | புதன், காலை 9.35

ஆறு மாதம் முழுக்க எழுத்தில்தான் செய்தோம். முதல் மாதம் அருமை. மூன்றாவது மாதம் எழுதுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். "சிக்னேச்சர் 400" என்று எழுதியிருந்தாலும் சீக்ரெட் மாற்றியவர் அந்தச் செய்தியைத் திறந்திருப்பாரா? பேசும்போது காதில் விழும், அதுதான் வித்தியாசம்.

---

நிதானம் | புதன், காலை 10.00

எங்களுக்கு எழுத்து நடக்கிறது. ஆனால் நாங்கள் நாலே பேர். ஒன்பது பேருக்கு நடக்குமா என்று சொல்ல முடியாது.

---

மழைக்காலம் | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10.15

இரண்டு வாரம் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

போர்டை வலமிருந்து இடமாகப் பார்க்கிறோம். காலுக்குப் பத்து நிமிடம் முன்னால் இரண்டு வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன். சேனலில் போடலாம், தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், அவரவர் விருப்பம். நான் கேள்வி கேட்பதைக் கால் முடிந்த பிறகுதான் செய்கிறேன். முதல் மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. "டன்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம், பிழைதேடிக்கு நன்றி. பத்து நாளில் எட்டு நாள் 16 நிமிடத்துக்குள் முடிந்தது. மற்ற இரண்டு நாளும் ரிலீஸுக்கு முந்தைய நாள், 20 தாண்டியது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதே பெண்தான். ரீஃபண்ட் டிக்கெட். அவர் சொன்னது: "REF-77, ஃபிக்ஸ் ஸ்டேஜிங்ல இருக்கு. முழு ரீஃபண்ட் ஓகே. பாதி ரீஃபண்ட்ல மட்டும் 1 பைசா குறையுது, ரவுண்டிங் எந்த இடத்துல நடக்குதுன்னு நேத்து மூணு மணி நேரம் தேடியும் கிடைக்கலை. இன்வாய்ஸ் கோடு எழுதினவங்க யாராவது 15 நிமிஷம் உட்கார முடியுமா?" எங்கள் ஆர்க்கிடெக்ட், அந்த எட்டு நிமிட ஆள், உடனே "வரியை ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனியா ரவுண்ட் பண்றோம், மொத்தத்துல இல்ல. கால் முடிஞ்சதும் காட்டறேன்" என்றார். அவர் அன்று பேசியது அவ்வளவுதான். 11 மணிக்கு ஃபிக்ஸ் ரிவ்யூவுக்கு வந்துவிட்டது.

சரியாகாதது ஒன்று இருக்கிறது. புதன்கிழமைகளில் கிளையன்ட் பக்க மேனேஜர் காலில் சேர்கிறார். அவர் இருக்கும் நாளில் எல்லாரும் பழையபடி "வொர்க் பண்ணேன், கன்டின்யூ பண்றேன், பிளாக்கர் இல்லை" என்றுதான் பேசுகிறார்கள். 400 வருகிறது என்று அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்ல மாட்டேன். வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

---

பழைய_கீபோர்டு | சனி, காலை 8.00

வராமல் தடுக்க முடியாது என்றால் அவருக்கென்று புதன் மதியம் 10 நிமிடம் தனியாகக் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். அவருக்கு வேண்டியது தேதிதான். அது காலை காலில் வராது என்று அவருக்கே தெரிந்தால் வருவதை நிறுத்தலாம். என் அனுபவத்தில் ஒருவர் நிறுத்தினார், இன்னொருவர் இரண்டிலும் வந்தார்.

---

முதல்_கமிட் | சனி, காலை 11.20

நானும் ஒரு வாரமாகத் துண்டுச் சீட்டு வைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை "ரெண்டு வழி முயற்சி பண்ணிட்டேன், ரெண்டும் ஒத்துவரலை" என்று முதல் தடவையாகச் சொன்னேன். ஒரு சீனியர் அக்கா "ரெண்டாவது சரியான வழிதான், இன்டெக்ஸ் இல்லாததால மெதுவா இருக்கு" என்றார். மத்தியானத்துக்குள் முடிந்தது.

புதன்கிழமை கேள்விக்கு ஒரு சந்தேகம்: கிளையன்ட் இருக்கும் நாளில் மட்டும் இரண்டு வரியைச் சேனலில் எழுதிவிட்டு, காலில் தேதியை மட்டும் பேசினால் ஆகாதா?

---

மழைக்காலம் | சனி, மதியம் 12.05

அந்தச் சேனலில் அவரும் இருக்கிறார் தம்பி. புதன்கிழமைக்கு மட்டும் எங்களுக்குள் வேறு சேனல் தொடங்கலாமா என்று திங்கள்கிழமை டீமிடம் கேட்கிறேன்.